ஒரே எண்ணில் இரண்டு சீட்டுகள்

சென்னையிலிருந்து டெல்லி செல்லும் விமானத்தில், எனக்குரிய 14சி இருக்கையில் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். "ஐயா, உங்கள் இருக்கை எண்ணை ஒருமுறை பார்த்துச் சொல்கிறீர்களா?" என்று கேட்டபோது, அவர் நீட்டிய போர்டிங் பாஸிலும் 14சி என்றே இருந்தது. பின்னால் வரிசை நின்றதால், நான் வாதாடாமல் எதிர் வரிசைக்குள் ஒதுங்கி வழிவிட்டு, பணிப்பெண்ணை அழைத்து இரண்டு சீட்டுகளையும் கொடுத்தேன். காலியாகத் தெரிந்த வேறோர் இருக்கையில் நானாக அமர்ந்திருந்தால், அதற்குரியவர் வந்ததும் குழப்பம் இரட்டிப்பாகியிருக்கும்.

பணிப்பெண் முதலில் பார்த்தது விமான எண்ணை. பெரியவர் காட்டியது மதுரையிலிருந்து சென்னை வரை வந்த முந்தைய பயணத்தின் சீட்டு. சட்டைப்பையில் மடிந்து கிடந்த மற்றொன்றில் 17சி என்றிருந்தது. அவர் கூச்சத்துடன் எழுந்தார். அவருடைய பையை நானே மேலிருந்து இறக்கிக் கொடுத்தேன்.