புதியவரை வரவேற்க ஐந்து வரிகள் போதும்

குடியிருப்புப் பகுதியின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இணைந்தவுடன் விதிமுறைகள் அனைத்தையும் நீளமாக ஒட்டிவிட்டால், அவர் அதைப் படிக்காமலேயே கடந்துவிடுவார். விதிகளைக் குழு விவரப் பகுதியில் எழுதிவைத்துவிட்டு, வரவேற்பை மட்டும் சுருக்கமாக, அவர் பெயர் சொல்லி அனுப்புங்கள். நான் அனுப்புவது இது:

“வணக்கம் @பெயர், நம் பகுதிக் குழுவுக்கு அன்புடன் வரவேற்கிறோம். உங்கள் பெயரையும் தெருவையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். வீட்டு எண் வேண்டாம். இரவு 10 மணிக்குப் பிறகு அவசரச் செய்திகள் மட்டும். ஐயம் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.”

@ குறியைத் தட்டியதும் வரும் பட்டியலிலிருந்து பெயரைத் தேர்ந்தெடுத்தால்தான் அவருக்குத் தனி அறிவிப்பு போகும். பெயரை வெறுமனே தட்டச்சு செய்தால் போகாது.

வீட்டு எண்ணைப் பற்றிய வரியை நான் பிற்பாடுதான் சேர்த்தேன். புதிதாக வந்த ஒருவர், தம் வீட்டு எண்ணோடு ஒரு வாரம் ஊரில் இருக்கப்போவதில்லை என்பதையும் நல்லெண்ணத்துடன் எழுதிவிட்டார். நிர்வாகி என்ற முறையில் அதை அனைவருக்கும் நீக்கிவிட்டு, காரணத்தை அவருக்குத் தனியாக விளக்கினேன். குழுவில் வைத்துத் திருத்தியிருந்தால் அவர் மனம் நொந்திருப்பார்.