பொதுக்குழு மினிட்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டுச் சங்கங்களின் மினிட்ஸ் புத்தகத்தில் பெரும்பாலான பக்கங்கள் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்றுதான் முடியும். கை தூக்கி எண்ணிய கூட்டத்துக்கும் அதே வரியை எழுதுவதுதான் முதல் தவறு. பின்னால் வழக்கு வந்தால் அந்த வரி எதையும் நிரூபிக்காது.

ஒரு மாவட்டக் கபடிக் கழகத்தை எடுத்துக்கொள்வோம். நிர்வாகிகளின் பதவிக்காலத்தை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாக்க வேண்டும், அதாவது துணைவிதியைத் திருத்த வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி இதற்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. குறைந்தது 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, கூட்டத்துக்கு வந்திருக்கும் வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினரின் ஆதரவைப் பெற வேண்டும்.

வருகைப் பதிவேட்டில் 48 கையெழுத்து இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு 8 பேர் கிளம்பிவிட்டார்கள். வாக்கெடுப்பில் ஆதரவு 29, எதிர்ப்பு 6, நடுநிலை 5. ஆதரவையும் எதிர்ப்பையும் மட்டும் எழுதினால் தீர்மானம் சுலபமாக ஜெயித்ததுபோல் தெரியும். ஆனால் நடுநிலையாளர்களும் அரங்கில் இருந்தவர்கள்தானே? 40 பேரில் முக்கால் பங்கு 30. ஒரு வாக்கில் தீர்மானம் தோற்றது. அதனால் வாக்கெடுப்பு நேரத்தில் அரங்கில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை முதலில் எண்ணி எழுதுங்கள். பதிவேட்டுக் கணக்கை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். சந்தா பாக்கியால் வாக்குரிமை இழந்தவர்களையும், வேடிக்கை பார்க்க வந்த வீரர்களையும் இதில் சேர்க்கக் கூடாது.

இப்படி எழுதினால் போதும்:

“தீர்மானம் 4: துணைவிதியில் பதவிக்காலம் ‘2 ஆண்டுகள்’ என்பதை ‘3 ஆண்டுகள்’ எனத் திருத்துதல். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள். வாக்குரிமையுடன் இருந்தவர்கள் 40. ஆதரவு 29, எதிர்ப்பு 6, நடுநிலை 5. தேவை 30. நிறைவேறவில்லை.”

தீர்மான வாசகத்தை வாக்கெடுப்புக்கு முன்பே எழுதி, சத்தமாகப் படித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதும்போது வார்த்தை மாறும், ‘நாங்கள் கை தூக்கியது இதற்கில்லை’ என்ற சண்டையும் அங்கேதான் தொடங்கும். யார் என்ன பேசினார் என்பதை வரிக்கு வரி எழுதத் தேவையில்லை. ஒருவர் தன் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னால் மட்டும் பெயரோடு எழுதுங்கள்.

அப்புறம், ‘புதிய கபடி மேட் வாங்க நிர்வாகக் குழு ஏற்பாடு செய்யும்’ என்ற மாதிரி வரிகள். குழு என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள். ‘மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கிச் செயலாளரிடம் கொடுப்பது: பொருளாளர், ஜூலை 15-க்குள்’ என்று ஒரே ஒருவர் பெயரில் எழுத வேண்டும். அவர் அரங்கில் இருந்து ‘சரி’ சொன்னாரா என்பதும் முக்கியம். வராதவர் தலையில் வேலையைக் கட்டினால், தனக்குத் தெரியவே தெரியாது என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் இந்தப் பட்டியலைப் படித்து, முடிந்தது, முடியவில்லை, புதிய தேதி என்று ஒவ்வொன்றின் எதிரிலும் எழுதுங்கள்.