ரன்னிங் மீட்டர் கணக்கில் கைப்பிடிச் சுவர்: எங்கே தவறுகிறது?

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை ரன்னிங் மீட்டருக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பது எல்லோருக்கும் வசதி. செங்கல் கட்டு, இருபக்கப் பூச்சு, சுவரின் தலையை மூடும் கான்கிரீட் கோப்பிங் என மூன்று வேலையும் ஒரே விலையில் அடங்கிவிடும். டேப்பைப் பிடித்து நீளத்தை அளந்தால் பில் தயார். ஆனால் நீளத்துக்கு மட்டும் விலை வைக்கும்போது உயரம், கனம், கோப்பிங்கின் அகலம் ஆகிய மூன்றும் பேச்சிலிருந்து நழுவிவிடுகின்றன. இந்த வேலையில் எழும் சண்டைகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தளத்தின் வெளி அளவு 12 மீட்டருக்கு 9 மீட்டர். ஒரு பக்கத்தில் 3 மீட்டர் நீளத்துக்கு மாடிப்படி அறையின் சுவர் ஓரத்திலேயே நிற்கிறது. சுவர் ஒன்பது அங்குலம், அதாவது 230 மி.மீ.

குறுக்குவெட்டு இல்லாத விலை

விலை பேசுமுன் ஒரு தாளில் சுவரின் குறுக்குவெட்டை வரைந்து அளவுகளை எழுத வேண்டும். நம் வீட்டுக்கு அது இப்படி இருக்கும்: தளத்தின் மேல் 13 வரி செங்கல், சுமார் 1.10 மீட்டர் உயரம். அதன்மேல் சராசரி 80 மி.மீ. கனத்தில் 360 மி.மீ. அகலக் கோப்பிங். உள்பக்கம் 12 மி.மீ. பூச்சு. வெளிப்பக்கம் இரண்டு கையாக 20 மி.மீ. பூச்சு, தளத்தின் விளிம்பையும் மூடிக் கீழே இறங்க வேண்டும்.

இதை ஒரு மீட்டர் நீளத்துக்குப் பிரித்தால், 230 × 110 × 75 மி.மீ. கல்லில் வரிக்கு எட்டேகால் கல் வீதம் 108 கல் வருகிறது. உடைசலையும் சேர்த்தால் 114. சிமெண்டு, 1:6 கலவையில் கட்டுக்கு ஏறத்தாழ 16 கிலோ, இருபக்கப் பூச்சுக்கு 15 கிலோ, 1:1½:3 கான்கிரீட்டில் கோப்பிங்குக்கு 12 கிலோ. கூட்டினால் 43 கிலோ. அதாவது மீட்டருக்கு ஒரு மூட்டையை நெருங்குகிறது. பொருள் நீங்கள் வாங்கித் தருவதாக இருந்தால் இந்த ஒரு எண்ணே போதும். முப்பது மீட்டர் முடிந்த பிறகு பதினைந்து மூட்டைதான் காலியாகியிருக்கிறது என்றால் கலவையில் ஏதோ குறைகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு மேஸ்திரி குறைந்த விலை சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மனதில் இருப்பது நாலரை அங்குலச் சுவர், 11 வரி, மேலே 150 மி.மீ. அகலத்தில் 50 மி.மீ. கான்கிரீட். அதற்கு மீட்டருக்கு 46 கல் போதும். கான்கிரீட் முன்னதில் கால் பங்குதான். இருவரும் சொன்னது 'ரன்னிங் மீட்டர் கைப்பிடிச் சுவர்' என்ற அதே சொற்கள். இரண்டு விலைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

நாலரை அங்குலச் சுவரில் விலையைவிடப் பெரிய சிக்கல் காற்று. கைப்பிடிச் சுவர் மேலே எதிலும் பிடிமானம் இல்லாமல் நிற்பது. தனித்து நிற்கும் இத்தகைய சுவரின் உயரம் அதன் கனத்தைப் போல் எத்தனை மடங்கு இருக்கலாம் என்பதற்குச் செங்கல் கட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1905 வரம்பு வைக்கிறது. காற்று சுவரைத் தள்ளும் அழுத்தம் மிகக் குறைந்த இடத்தில் 10 மடங்கு, அழுத்தம் கூடக்கூட 4 மடங்கு வரை இறங்குகிறது. கோப்பிங்கோடு 1.18 மீட்டர் உயரத்தை 115 மி.மீ. கனத்தில் எழுப்பினால் பத்து மடங்கையும் தாண்டிவிடும். ஒன்பது அங்குலத்தில் ஐந்து மடங்கை ஒட்டி நிற்கும். புயல் அடிக்கும் கடலோரத்தில் அந்த ஐந்து மடங்குமே வரம்பைத் தாண்டிவிடலாம். பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. நாலரை அங்குலத்தில்தான் கட்டுவது என்றால் இடையிடையே ஒன்பது அங்குலத் தூண் வைத்துக் கட்ட வேண்டும். அந்தத் தூண்கள் மீட்டர் விலைக்குள் அடங்குமா, தனியா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

உயரத்தை எங்கிருந்து அளப்பது?

கான்கிரீட் தளத்தில் நின்று மார்பளவு பார்த்து "போதும்" என்று சொல்லிவிடுவார்கள். பிறகு செங்கல் ஜல்லியும் தட்டோடும் வாட்டத்தோடு ஏறும்போது, வாட்டத்தின் மேட்டில் 130 மி.மீ. வரை சுவர் புதைந்துவிடும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 கேட்கும் குறைந்தபட்சம் 1 மீட்டர், முடிந்த தரையிலிருந்து. நம் கணக்கில் 1.18 மீட்டரில் 0.13 போக 1.05 மீட்டர் மிஞ்சுகிறது. 11 வரியில் நிறுத்தியிருந்தால் ஒரு மீட்டர் கிடைத்திருக்காது. குழந்தைகள் ஏறி விளையாடும் மாடியில் அந்த இரண்டு வரியை மிச்சம் பிடிக்கக்கூடாது. தட்டோடு முடிந்த பிறகு சுவரை உயர்த்த வேண்டுமானால் கோப்பிங்கை உடைத்துத்தான் ஆக வேண்டும்.

நீளத்தில் ஒளிந்திருக்கும் நாலு மீட்டர்

வெளிச்சுற்றளவு 42 மீட்டர். பில்லில் பெரும்பாலும் இதுதான் வரும். ஆனால் ஒவ்வொரு மூலையிலும் ஒரே சதுரம் இருமுறை எண்ணப்படுகிறது. சுவரின் மையக்கோட்டில் அளந்தால், மூலைக்கு 0.23 வீதம் கழிந்து 41.08 மீட்டர். மாடிப்படி அறை நிற்கும் 3 மீட்டரில் கைப்பிடிச் சுவரே இல்லை. ஆக, உண்மையான நீளம் 38.08. வித்தியாசம் ஏறத்தாழ நாலு மீட்டர்.

மேஸ்திரி ஏமாற்றுகிறார் என்று இதற்குப் பொருளில்லை. மூலையில் பூச்சு முனை எடுப்பதும் கோப்பிங்குக்கு மூலைப் பலகை அடிப்பதும் கூடுதல் வேலைதான். வெளிச்சுற்றளவையே அளவாக ஏற்பதிலும் தவறில்லை, முன்பே பேசியிருந்தால். மையக்கோடா வெளிக்கோடா என்பதை வேலை முடிந்து டேப் பிடிக்கும் நாளில் பேசத் தொடங்குவதுதான் தவறு.

கோப்பிங்: எல்லாம் இருந்தும் ஒழுகும் இடம்

மூன்று வேலைகளில் கோப்பிங்தான் மிகச் சிறியது. அலட்சியமும் அதில்தான் மிகுதி. சுவரின் தலையில் விழும் மழை செங்கல்லுக்குள் இறங்காமல் தடுப்பதும், வழியும் நீரைச் சுவரில் ஒட்டவிடாமல் தள்ளி விழச்செய்வதும் அதன் வேலை. வெளிச்சுவரில் மேலிருந்து கறுப்புக் கோடுகள் இறங்கியிருக்கும் வீடுகளைப் பாருங்கள். பெரும்பாலும் கோப்பிங் பூச்சோடு மட்டமாக நின்றிருக்கும்.

'இரண்டு பக்கமும் 50 மி.மீ. நீட்டு' என்று சொன்னால் போதாது. செங்கல் முகத்திலிருந்து 50 விட்டுப் பலகை அடித்தால், வெளிப்பூச்சு 20 மி.மீ. ஏறியபின் 30தான் மிஞ்சும். நீட்டம் பூச்சு முகத்திலிருந்து கணக்கிடப்பட வேண்டும். 360 மி.மீ. அகலம் அப்படித்தான் வந்தது: 230 சுவர், 32 பூச்சு, பக்கத்துக்கு ஏறத்தாழ 50.

நீட்டம் மட்டும் இருந்தாலும் நீர் கோப்பிங்கின் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவரைத் தொட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் கொத்தனார்கள் 'டிரிப்' என்று சொல்லும் காடி. வெளிவிளிம்பிலிருந்து 20, 25 மி.மீ. உள்ளே தள்ளி, அடிப்பலகையில் 12 மி.மீ. மரச்சட்டம் ஒன்றை ஆணியடித்துவிட்டால், பலகை பிரிக்கும்போது காடி தானாக விழுந்திருக்கும். செலவு ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த வாரம் பூச்சுக்கு வருபவர் வேறு ஆளாக இருப்பார். கோப்பிங்கின் அடியையும் வழுவழுப்பாகத் தேய்த்துக் கொடுக்கிறேன் என்று காடியைக் கலவையால் நிரப்பிவிடுவார். பூச்சு கோப்பிங்கின் அடியைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும், காடியைத் தாண்டக்கூடாது என்று அவரிடம் நேரில் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

மேற்பரப்பு உள்பக்கம் சாய வேண்டும். வெளியோரம் 90 மி.மீ., உள்ளோரம் 70 மி.மீ. என்றால் போதிய வாட்டம். தூசியோடு வரும் நீர் மாடிக்குள் விழுந்து குழாய் வழியே போய்விடும். ரசமட்டம் வைத்துத் துல்லியமாகத் தட்டையாக முடித்துப் பெருமைப்படும் கொத்தனார்களும் உண்டு. அந்தத் தட்டையில் நீர் தேங்கும்.

அடுத்தது வெடிப்பு. 12 மீட்டர் நீளத்தை ஒரே துண்டாக ஊற்றினால், வெயிலில் 30 டிகிரி ஏறும்போது கான்கிரீட் ஏறத்தாழ 3.6 மி.மீ. நீளும். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் அது மூலையில் இருக்கும் செங்கல்லைத் தள்ளுகிறது. மூலையை ஒட்டிய செங்குத்து வெடிப்புக்கும், கோப்பிங்குக்கும் மேல்வரிக்கும் நடுவே ஓடும் கிடைக்கோட்டு வெடிப்புக்கும் காரணம் பல நேரம் இதுவே. சுமார் 3 மீட்டருக்கு ஒரு 10 மி.மீ. இடைவெளி விட்டு, வெளியில் தாங்கும் சீலண்டால் அடைக்க வேண்டும். சிமெண்டுப் பாலைத் தீட்டி மறைத்தால் அடுத்த கோடையில் அதே இடத்தில் திறந்துகொள்ளும். உள்ளே போடும் மெல்லிய கம்பிகளும் அந்த இடைவெளியில் அறுபட்டே இருக்க வேண்டும்.

மாடிக் காற்றில் மெல்லிய கான்கிரீட் சீக்கிரம் உலர்ந்துவிடும் என்பதால், ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும். காலையில் ஒருமுறை வாளியால் தெளித்துவிட்டுப் போவது கணக்கில் வராது.

சுவரின் பாதம்

கீழே, முதல் வரி தளத்தைத் தொடும் இடமும் ஒழுகும். தளத்தின் மேல் படிந்திருக்கும் வழுக்கலான சிமெண்டுப் பாலைக் கொத்தாமல் அப்படியே கலவை வைத்துக் கட்டினால், அந்த மூட்டு ஒட்டுவதேயில்லை. கொத்தி, கழுவி, ஈரத்தோடு கட்ட வேண்டும். முடிந்தால் தளம் போடும்போதே ஓரத்தில் ஓரடிக்குக் குறைவான கான்கிரீட் மேடு ஊற்றிவிட்டால் இன்னும் நல்லது. மழைநீர்க் குழாய்க்கான துளையையும் கட்டும்போதே விட வேண்டும். பூசி முடித்த சுவரைச் சுத்தியலால் உடைத்துக் குழாய் நுழைத்தால் சுற்றியுள்ள கல் அத்தனையும் ஆடிப்போகும்.

கடைசிப் பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை செய்யலாம். கோப்பிங்கின் மேல் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பெரும்பகுதி உள்பக்கம் ஓட வேண்டும். வெளியோரம் வழிவது விளிம்பிலோ காடியிலோ சொட்டி விழ வேண்டும். கீழே பூச்சு நனையக்கூடாது. நனைந்தால் காடி அடைபட்டிருக்கிறது. கலவை பச்சையாக இருந்தால் கரண்டி முனையால் சுரண்டி எடுத்துவிடலாம். இறுகிவிட்டால் கட்டர் வைத்து அடியில் கோடு இழுப்பார்கள், அல்லது விளிம்புக்கு அடியில் பிவிசி பட்டை ஒன்றை ஒட்டுவார்கள். அதற்கும் சாரம் பிரிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.