திருச்சி – கோலாலம்பூர்: விமான நிறுவனத்தின் பாதுகாப்புப் பதிவைச் சரிபார்க்கும் முறை

என் பெற்றோருக்குத் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குப் பயணச்சீட்டு எடுக்க உட்கார்ந்தபோது, ஏர் ஏசியாவும் பாத்திக் ஏரும் ஏறத்தாழ ஒரே கட்டணத்தைக் காட்டின. 2024 ஜனவரியில் பாத்திக் ஏர் விமானிகள் இருவரும் பறக்கும்போதே உறங்கிவிட்ட செய்தி கண்ணில் பட்டதும், அந்நிறுவனத்தை ஒதுக்கிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது: அந்த விமானம் இந்தோனேசிய பாத்திக் ஏருடையது, நான் பார்த்துக்கொண்டிருந்த பயணமோ மலேசிய பாத்திக் ஏருடையது. பெயர் ஒன்றாயினும் இயக்க உரிமமும் விமானிகளும் கண்காணிக்கும் அரசும் வேறு.

ஆகவே முதல் படி, பயண எண்ணின் முதல் இரண்டு எழுத்துகளைக் குறித்துக்கொள்வது. OD என்றால் மலேசிய பாத்திக், ID என்றால் இந்தோனேசியப் பாத்திக். ஏர் ஏசியாவிலும் இதே சிக்கல் உண்டு: AK மலேசியாவுக்கும் QZ இந்தோனேசியாவுக்கும் உரியவை. "Operated by" என்ற சிறிய வரியில் வேறு பெயர் இருந்தால், தேட வேண்டியது அந்தப் பெயரைத்தான்.

இரண்டாவதாக, விமான நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஐயாட்டா தளத்தின் IOSA Registry பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஐயாட்டாவின் பாதுகாப்புத் தணிக்கையில் தேறியவர்களின் பட்டியல். அதில் இல்லாததாலேயே ஒரு நிறுவனம் ஆபத்தானது என்று ஆகிவிடாது.

மூன்றாவது, விபத்துப் பதிவு. இதற்கு நான் avherald.com தளத்தையே விரும்புகிறேன், ஏனெனில் அங்கு சிறு சம்பவங்களும் விசாரணை முடிவுகளும் ஒரே பக்கத்தில் கிடைக்கின்றன. எண்ணிக்கையை மட்டும் எண்ணாதீர்கள். அதிகம் பறப்பவருக்குச் சம்பவங்களும் அதிகம் இருக்கும். ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்திருக்கிறதா என்பதே கவனிக்க வேண்டியது. 2014 டிசம்பரில் 162 பேரைப் பலிகொண்ட, இந்தோனேசிய ஏர் ஏசியாவின் QZ8501 விபத்தின் இறுதி அறிக்கையைப் படித்தால், சுக்கான் கட்டுப்பாட்டு மின்சுற்றின் பற்றவைப்பில் இருந்த விரிசலால், அதற்கு முந்தைய 12 மாதங்களில் அதே பழுது 23 முறை பதிவாகியிருந்தது தெரியும். விமானிகள் அதைக் கையாண்ட விதமும் சேர்ந்தே விபத்தாயிற்று.

கடைசியாக, அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ நாடுகளுக்குத் தரும் வகைப்பாடு. சர்வதேசத் தரத்தை எட்டிய நாடு முதல் வகை, எட்டாதது இரண்டாம் வகை. மலேசியா 2019 நவம்பரில் இரண்டாம் வகைக்கு இறக்கப்பட்டு, 2022 அக்டோபரில் முதல் வகைக்குத் திரும்பியது. இது அரசின் கண்காணிப்பை மதிப்பிடுவதே தவிர, எந்த விமான நிறுவனத்துக்கும் இடும் மதிப்பெண் அன்று. ஸ்கைட்ராக்ஸ் நட்சத்திரங்களை நான் பார்ப்பதே இல்லை. அவை இருக்கைக்கும் உணவுக்கும் உபசரிப்புக்கும் உரியவை.

பின்சேர்க்கை: மலேசிய பாத்திக்கின் பழைய பதிவுகள் கிடைக்கவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 2022 வரை அதன் பெயர் மாலிண்டோ ஏர். அதற்கு முந்தைய சம்பவங்களை Malindo என்றே தேட வேண்டும்.