படத்தில் நாய் சாகும் காட்சியை முன்கூட்டியே அறிந்து தவிர்ப்பது எப்படி

இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் இருக்கும் என் அக்கா மகளின் நாய் ரயிலில் அடிபட்டுச் செத்தது. அவர்கள் குடியிருக்கும் தோட்ட லயத்துக்குக் கீழேயே தண்டவாளம் என்பதால் அவள் அதைப் பார்த்தும்விட்டாள். அதற்குப் பிறகு படம் பார்க்க உட்காரும்போதெல்லாம் "நாய் வருமா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. அவளுக்காக நான் பழகிக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். அண்மையில் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களுக்கும் இதே முறை உதவும்.

முதல் படி: எதைத் தவிர்க்க வேண்டும் என்று துல்லியமாக எழுதுங்கள்

"சோகக் காட்சி வேண்டாம்" என்று வைத்துக்கொண்டு தேடினால் ஒன்றும் கிடைக்காது. எது வலிக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். நாய் சாவதா, அடிபடுவதா, அதன் உடலைக் காட்டுவதா? என் மருமகளிடம் கேட்டபோது, நாயைவிட ரயிலின் ஹாரன் சத்தம்தான் அவளை அதிகம் உலுக்குகிறது என்று தெரிந்தது. அப்பாயியை இழந்த ஒரு பையனுக்கு மருத்துவமனைக் காட்சிகளில் எந்தச் சிக்கலும் இல்லை, ஆனால் தப்பு மேளச் சத்தமும் ஒப்பாரியும் கேட்டால் தாங்க மாட்டான். ஒரு துண்டுத் தாளில் இரண்டு மூன்று வரி போதும். ஒலியையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாம் படி: சான்றிதழை நம்பி உட்காராதீர்கள்

இந்தியத் தணிக்கைச் சான்றிதழில் இருக்கும் U, UA, A என்ற எழுத்துகள் யார் பார்க்கலாம் என்று சொல்பவை. படத்தில் எந்தக் காட்சி வரும் என்பதை அவை சொல்லாது. ஒரு தாய் நோயில் மெல்ல மெல்ல இறப்பதை முழுக்கக் காட்டும் படத்துக்கும் U கிடைக்கலாம்.

தமிழ்ப் படங்களின் தொடக்கத்தில் எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்று ஓர் அறிவிப்பு வருமே, அது படப்பிடிப்பைப் பற்றியது. கதைக்குள் விலங்கு சாகாது என்று அதற்குப் பொருள் இல்லை. சொல்லப்போனால், விலங்கை வைத்து எடுத்த காட்சி இருப்பதால்தான் அந்த வரியே வருகிறது. அதைப் பார்த்ததும் நிம்மதியாகச் சாய்ந்து உட்காராமல், அடுத்த படிக்கு வாருங்கள்.

மூன்றாம் படி: தேடுங்கள்

நான் முதலில் போகும் இடம் doesthedogdie.com. நாய் சாகுமா என்ற கேள்விக்காகவே தொடங்கிய தளம் அது. இப்போது பெற்றோர் இறப்பது, குழந்தை இறப்பது, விலங்கைத் துன்புறுத்துவது என்று பல கேள்விகள் அதில் உண்டு. படத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுங்கள். ஒரே பெயரில் பல படங்கள் இருக்கும் என்பதால் வெளியான ஆண்டையும் ஒத்துப்பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பார்த்தவர்கள் ஆம், இல்லை என்று வாக்களித்திருப்பார்கள். வாக்கைவிடக் கீழே உள்ள குறிப்புகள்தான் முக்கியம். காட்சி எந்த இடத்தில் வருகிறது, நேரடியாகக் காட்டுகிறார்களா, வெறும் சத்தம் மட்டுமா என்பதையெல்லாம் அங்கேதான் எழுதுகிறார்கள்.

வாக்கே இல்லாத கேள்வியை "இல்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யாரும் இன்னும் சொல்லவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். தமிழ்ப் படங்களுக்கு இந்த வெற்றிடம் அதிகம்.

அடுத்து, IMDb-யில் அந்தப் படத்தின் பக்கத்தில் Parents Guide என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். வன்முறை, பயமூட்டும் காட்சி என்று தலைப்பு வாரியாக எழுதியிருப்பார்கள். விலங்கு வதை பெரும்பாலும் இதில் பிடிபடும். ஆனால் துக்கம் நழுவிவிடும். அமைதியாக நடக்கும் ஓர் அடக்கக் காட்சி வன்முறையும் இல்லை, பயமும் இல்லை என்பதால் எந்தத் தலைப்பின் கீழும் வராமல் போகும்.

அந்த இடத்தில் படம் பார்த்த ஒருவரிடம் கேட்பதுதான் வழி. "படம் எப்படி?" என்று கேட்டால் "நல்லாயிருக்கு" என்பார்கள். "நாய் சாகுதா? காட்டுறாங்களா? அதுக்கு முன்னாடி என்ன நடக்குது? அது முடிஞ்சதும் என்ன வருது? பிறகு திரும்ப வருதா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

தோட்டத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காதவர்கள், ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ போகும்போதே அந்தப் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

நான்காம் படி: காட்சி வரைபடம் போடுங்கள்

இதை ஒரு படத்தை வைத்தே காட்டுகிறேன். 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பி என்ற நாய் தொடக்கத்திலேயே தண்டவாளத்தில் கட்டிவைத்துக் கொல்லப்படுகிறது. என் மருமகளின் துண்டுத் தாளில் இருந்த நாய், ரயில் இரண்டும் அதில் உண்டு. ஆனாலும் கல்லூரி போகும் வயதில் அவள் பார்க்க விரும்பிய படம் அது.

நிமிடக் கணக்கை நான் எழுதுவதில்லை. டிவியில் விளம்பரம் புகும், வெட்டும் விழும், ஒவ்வொரு பிரதியிலும் நேரம் மாறும். அதனால் காட்சியின் அடையாளத்தை எழுதுகிறேன். இந்தப் படத்துக்கு இப்படி வந்தது:

தொடக்கம்: இளைஞர்கள் நாய்களோடு நீர்நிலையில் இருக்கும்போது வேறு சிலர் வந்து வம்பு செய்கிறார்கள். அங்கேயே நிறுத்த வேண்டும்.

முடிவு: கருப்பிக்காகப் பாடும் சாவுப் பாட்டு முடியும் வரை. பாட்டையும் விட வேண்டும், ஏனென்றால் அது முழுக்க இறுதி ஊர்வலம்.

தெரிந்துகொள்ள வேண்டியது: நாயைக் கொன்றவர்கள் சாதி வெறியால் செய்தார்கள், அந்தக் காயத்தோடுதான் நாயகன் பரியன் சட்டக் கல்லூரிக்குப் போகிறான்.

மறுபடி வருவது: கருப்பி பின்னால் நினைவாகத் தோன்றும். கடைசிப் பகுதியில் தண்டவாளமும் ரயிலும் திரும்ப வரும்.

பலர் கோட்டை விடுவது இந்த நான்காவது வரியில்தான். முதல் காட்சியைத் தாண்டியதும் ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். நாய் சாகும் காட்சி ஒன்றுதான் என்றாலும், ரயில் அதோடு நிற்கவில்லை. "நாய் சாகுமா" என்று மட்டும் தேடியிருந்தால் கடைசிப் பகுதி எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஐந்தாம் படி: பார்க்கும் நேரத்தில்

ரிமோட் தவிர்க்க வேண்டியவர் கையில் இருக்கக் கூடாது. ஃபோனிலோ டிவியிலோ வேகமாக ஓட்டும்போது சின்னச் சின்னப் படங்கள் மேலே ஓடும். தவிர்க்க நினைத்த காட்சியே அதில் தெரிந்துவிடும். ஆகவே இன்னொருவர் ஓட்டட்டும், ஓட்டுவதற்கு முன்பே சத்தத்தை முழுவதும் குறைக்கட்டும். எங்கள் வீட்டில் அக்கா ஓட்டுவாள், மகள் அடுப்படிக்குப் போய்விடுவாள். லயத்துச் சுவரில் சத்தம் அப்படியே கடக்கும் என்பதால் சத்தத்தை அணைக்காமல் எழுந்து போவதில் பயனில்லை. கூப்பிடும்போது தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரியைச் சொன்னால் கதை அறுபடாது.

எழுதாத ஒன்று திடீரென்று வந்தால் உடனே நிறுத்துங்கள். தொடர்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். "இன்னும் கொஞ்சந்தான், முடியப்போகுது" என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள்.

ஆறாம் படி: நீங்கள் கண்டதை எழுதி வையுங்கள்

தமிழ்ப் படங்களின் வெற்றிடம், பார்த்தவர்கள் எழுதினால்தான் நிரம்பும். doesthedogdie.com தளத்தில் வாக்கோடு ஒரு குறிப்பும் போடுங்கள். "ரொம்ப சோகம்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "தொடக்கத்தில், நீர்நிலைக் காட்சிக்குப் பிறகு, சாவுப் பாட்டு முடிந்தால் தொடரலாம், கடைசிப் பகுதியிலும் ரயில் உண்டு" என்று எழுதினால் அடுத்தவர் தன் வரைபடத்தை அதிலிருந்தே போட்டுக்கொள்வார்.