அரைகுறை முன்மாதிரியை முன்பின் தெரியாதவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்பது எப்படி?

"ஒரு செயலி செஞ்சிருக்கேன், பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டால் "நல்லா இருக்கு, வாழ்த்துகள்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கேள்வியை மாற்றினால் பதிலும் மாறும். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுக்கப் பார்த்துவிடுவோம்.

மாத்திரை போடும் நேரத்தை நினைவூட்டும் ஒரு செயலி என்று வைத்துக்கொள்வோம். இன்றைய மாத்திரைகளின் பட்டியல் ஒரு திரை, புது மாத்திரை சேர்ப்பது இன்னொரு திரை. பட்டியலில் ஒவ்வொரு மாத்திரைக்குப் பக்கத்திலும் ஒரு வட்டம். போட்டதும் வட்டத்தைத் தட்ட வேண்டும், டிக் விழும். இன்னொரு முறை தட்டினால் டிக் போய்விடும். இப்போதைக்கு அவ்வளவுதான்.

படி 1: எது தெரிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஒரே ஒரு கேள்வியை எழுதி வையுங்கள். நம் உதாரணத்தில் அது: "மாத்திரை போட்டாச்சு என்பதை யாரும் சொல்லித் தராமலே இவர்களால் குறித்துவைக்க முடிகிறதா?" பதில் "இல்லை" என்று வந்தால் எதை மாற்றுவீர்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எந்தப் பதில் வந்தாலும் எதுவும் மாறப் போவதில்லை என்றால் அந்தக் கேள்வியால் பயனில்லை.

படி 2: முன்மாதிரியைத் தயார் செய்யுங்கள்

கறுப்பு வெள்ளையிலேயே இருக்கட்டும். நிறமும் படங்களும் சேர்த்தால் பார்ப்பவர் அவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். ஆனால் உள்ளே இருக்கும் எழுத்துகள் நிஜமானவையாக இருக்க வேண்டும். "மருந்து 1" என்று போடாமல் "பாராசிட்டமால் 500 மி.கி., காலை 8 மணி" என்று போடுங்கள். வேலை செய்யாத பட்டன்களை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் அவற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு அதையே குறையாகச் சொல்வார்கள்.

லிங்க் அனுப்பும் முன், உங்கள் கணக்கு இல்லாத வேறொரு போனில் அதைத் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நிற்கும் லிங்கைத் திறந்தவர் பெரும்பாலும் சொல்லாமலே போய்விடுவார். ஏன் பதிலே வரவில்லை என்று நீங்கள் குழம்பிக்கொண்டிருப்பீர்கள்.

படி 3: கேட்கும் விதம்

கருத்துக் கேட்காதீர்கள், ஒரு வேலை கொடுங்கள். வேலையைச் சொல்லும்போது திரையில் இருக்கும் சொல்லையோ வழியையோ சொல்லிவிடக் கூடாது. "வட்டத்தைத் தட்டி டிக் போடுங்க" என்று எழுதிவிட்டால் சோதனை அங்கேயே முடிந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் இருக்கும் ஓர் இணையக் குழுவில் இப்படி எழுதலாம்:

> மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலிக்கு ஒரு கரட்டு வடிவம் செஞ்சிருக்கேன். ரெண்டு திரைதான், போனில் திறந்தா மூணு நிமிஷம் ஆகும். காலை 8 மணி மாத்திரையை இப்பதான் போட்டீங்கன்னு வெச்சுக்கிட்டு, அதைச் செயலிக்குத் தெரியப்படுத்துங்க. முதல்ல எங்கே தட்டினீங்க, என்ன நடக்கும்னு எதிர்பார்த்தீங்க, என்ன நடந்துச்சு, இந்த மூணையும் எழுதுங்க. பாதியில விட்டுட்டா, எந்த இடத்துல விட்டீங்கன்னு மட்டும் சொன்னாலும் போதும். நிறமும் எழுத்துருவும் இன்னும் முடிவாகல.

"எதிர்பார்த்தீங்க", "நடந்துச்சு" என்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் நீங்கள் தேடுவது. பாதியில் விட்டவர்களையும் பேசவைப்பது இன்னும் முக்கியம். முடிக்க முடியாதவர், தனக்குத்தான் தெரியவில்லை என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுவார்.

படி 4: பதில் வரும்போது விளக்கம் சொல்லாதீர்கள்

"தட்டினேன், ஒண்ணும் ஆகல" என்று ஒருவர் எழுதுகிறார். "ஆகுதே, வட்டத்துக்குள்ள டிக் விழும், நல்லா பாருங்க" என்று எழுத உங்களுக்குக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். நீங்கள் விளக்கிய நொடியிலிருந்து அவர் புதியவர் இல்லை, அடுத்து படிக்கப்போகிறவர்களும் விடை தெரிந்துகொண்டார்கள். நன்றி சொல்லிவிட்டு ஒன்று மட்டும் கேளுங்கள்: "தட்டினதும் என்ன தெரியணும்னு நினைச்சீங்க?"

கடுமையாக எழுதுபவர்களிடமும் இதே வழிதான். "இதை எல்லாம் யார் பயன்படுத்துவா, ஒரு மாத்திரை சேர்க்கவே நாக்குத் தள்ளுது" என்று வந்தால், முதல் பாதியை விட்டுவிடுங்கள். இரண்டாம் பாதியில் ஒரு தகவல் இருக்கிறது. எந்த இடத்தில் அவ்வளவு நேரம் பிடித்தது என்று கேளுங்கள்.

படி 5: ஆலோசனைக்குப் பின்னால் இருக்கும் சிக்கலைத் தேடுங்கள்

பதில்களை ஒரு தாளில் எழுதும்போது, அவருக்கு என்ன நடந்தது என்பதை ஒரு பக்கமும், அவர் என்ன செய்யச் சொல்கிறார் என்பதை இன்னொரு பக்கமும் எழுதுங்கள். நமக்கு மூன்று பதில்கள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்:

"தட்டினேன், ஒண்ணும் ஆகல."
"சேமி பட்டன் வைக்கணும்."
"டிக் வந்துட்டு மறைஞ்சு போச்சு, ஏதோ பிழை இருக்கு."

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று வேறு குறைகள். இரண்டாமவரிடம் "எந்த இடத்துல சேமி பட்டனைத் தேடினீங்க?" என்று கேட்டால், "தட்டினேன், பதிவாச்சான்னு தெரியல, அதான்" என்கிறார். இப்போது போனைக் கையில் எடுத்து நீங்களே மெதுவாகத் தட்டிப் பாருங்கள். வட்டம் சின்னது. தட்டும்போது விரல் அதை மறைத்துவிடுகிறது, அதனால் டிக் விழுவது கண்ணில் படவில்லை. மாற்றம் தெரியாததால் முதலாமவர் நின்றுவிட்டார், இரண்டாமவர் பட்டன் தேடினார், மூன்றாமவர் மறுபடி தட்டினார், விழுந்த டிக் போய்விட்டது.

சிக்கல் ஒன்றுதான். சேமி பட்டன் வைத்தால் ஒரு தட்டு கூடுமே தவிர, மற்ற இருவருக்கும் சரியான மருந்து அது இல்லை. தட்டியதும் அந்த வரி முழுக்கச் சாம்பல் நிறமாகி "போட்டாச்சு, 8:05" என்று எழுத்தில் காட்டலாம். மறுபடி தட்டினால் சத்தமில்லாமல் அழிக்காமல், "பதிவை நீக்கவா?" என்று கேட்கலாம்.

படி 6: எதை மாற்றுவது, எதை விடுவது

ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் சொல்லாமல், பலர் தனித்தனியே ஒரே இடத்தில் சிக்கியிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். ஒருவர் மட்டும் சொன்ன விருப்பத்தைக் குறித்துவைத்துக் காத்திருங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தப்பான பதிவு விழுகிறது என்று ஒரே ஒருவர் சொன்னாலும் உடனே கவனியுங்கள். போட்ட மாத்திரை போடாததாகத் தெரிந்தால், அவர் அதே மாத்திரையை இன்னொரு முறை போடக்கூடும்.

எத்தனை பேர் வேண்டும்? பயன்பாட்டுச் சோதனைத் துறையில் பெயர்பெற்ற யாக்கோப் நீல்சன், 5 பேரை வைத்துச் சோதித்தாலே சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று 2000-இல் எழுதினார். ஆனால் அந்தக் கணக்கு, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பயன்படுத்துவதைப் பார்ப்பதற்கானது. எழுத்தில் வரும் பதிலில் நிறைய விட்டுப்போகும், ஆகவே இன்னும் சிலர் தேவைப்படுவார்கள்.

பதில்கள் வந்துகொண்டிருக்கும்போதே முன்மாதிரியைத் திருத்தாதீர்கள். திருத்தினால் யார் எந்த வடிவத்தைப் பார்த்துச் சொன்னார் என்பது தெரியாமல் போய்விடும். திருத்திய வடிவத்துக்குத் தனி லிங்க் கொடுத்து "வடிவம் 2" என்று பெயரிடுங்கள். முதலில் சிக்கிய மூவருக்கும் என்ன மாற்றினீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள். அவர்கள் சரி என்று சொன்னாலும் அதோடு நிறுத்த முடியாது, வட்டத்தைத்தான் தட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். இதுவரை இதைப் பார்க்காத சிலரிடம் அதே வேலையை, அதே சொற்களில் மறுபடி கொடுங்கள்.