யாரிடம் என்ன பாக்கி? சங்க ஆண்டறிக்கைக்கு நினைவூட்டல் எழுதும் முறை

மலேசியாவில் பதிவான ஒரு சங்கம், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்குக் கொடுத்துவிட வேண்டும். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. பினாங்கில் ஒரு சங்கம் 2026 மார்ச் 22, ஞாயிறு அன்று கூட்டம் நடத்தியது என்று வைத்துக்கொள்வோம். கெடு மே 21. மே 5ஆம் தேதி செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் பாக்கியைச் சீக்கிரம் அனுப்புங்க" என்று போட்டால் கட்டைவிரல்கள் வரும், தாள் வராது. தன்னிடம் பாக்கி இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது.

முதலில் பட்டியலைச் சரிபாருங்கள்

ஞாபகத்தை நம்பி எழுதாதீர்கள். மின்னஞ்சல், குழு, தனிச்செய்தி மூன்றிலும் தேடி, வந்த ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள். 'வந்தது', 'வரவில்லை' என்று இரண்டே பிரிவு போட்டால் போதாது. 'வந்தது, ஆனால் குறை இருக்கிறது' என்பதுதான் அதிகம் தாமதப்படுத்தும். அனுப்பியவர் தன் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருப்பார்; கடைசி நாளில் பதிவிலாகாவின் eROSES தளத்தில் ஏற்றும்போதுதான் கையெழுத்து இல்லாதது உங்கள் கண்ணில் படும்.

பிறகு தேதியைப் பின்னோக்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்

மே 21ஐக் குழுவில் கெடுவாகச் சொல்லாதீர்கள். அது பதிவிலாகாவின் கெடு. தளத்தில் ஏற்றுவது மே 14 என்றால், எல்லாம் உங்கள் கைக்கு மே 12க்குள் வர வேண்டும். ஒருவர் வேலை இன்னொருவருடையதற்காகக் காத்திருந்தால் முன்னவருக்கு இன்னும் முந்திய தேதி கொடுங்கள். கூட்டக் குறிப்பு முழுதாக வந்தால்தான் தலைவர் கையெழுத்திட முடியும். அதற்கு முன்பே அவர் பெயரைப் பாக்கியில் போடுவது நியாயமில்லை. அவரும் மனம் நோவார்.

இப்போது எழுதுங்கள்

ஒவ்வொரு வரியிலும் ஆள், பொருள், அதில் சரியாக எது குறை, எந்த நாள் என்பவை இருக்க வேண்டும். பெயர்கள் மாதிரிக்கு:

> \*ஆண்டறிக்கை: 3 பேரிடம் பாக்கி. எல்லாம் செவ்வாய் 12 மே, இரவு 9க்குள்\*
>
> வணக்கம். நேற்றிரவு வரை வந்ததைப் பார்த்து எழுதியது.
>
> @கலா அக்கா: கூட்டக் குறிப்பில் 4 பக்கம் வந்தது. தேர்தல் முடிவு உள்ள 5ஆம் பக்கம் வேண்டும். வெள்ளி 8 மே. அது வந்தபின்தான் தலைவர் கையெழுத்து.
>
> @முருகன் அண்ணன்: கணக்கறிக்கை வந்தது. 2ஆம் பக்கத்தில் கணக்காய்வாளர் கையெழுத்து இல்லை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் கையெழுத்தோடு ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும். செவ்வாய் 12 மே.
>
> @சுரேஷ்: செயலவை உறுப்பினர் விவரத்தில் வீட்டு முகவரியும் தொழிலும் பாக்கி. எனக்குத் தனியாக அனுப்புங்க, தம்பி. வெள்ளி 8 மே.
>
> தலைவர் ஐயா: இப்போது பாக்கி இல்லை. சனி 9 மே குறிப்பைக் கொண்டு வருகிறேன்.
>
> முடித்தவர்கள்: ராணி, செல்வம். நன்றி.
>
> உங்கள் வரி தவறென்றால் இன்றே சொல்லுங்கள்.

முருகன் வரியில் "கணக்கறிக்கை சரியில்லை" என்று எழுதியிருந்தால் அவர் முழு அறிக்கையையும் மறுபடி தயாரிக்க வேண்டுமோ என்று தள்ளிப்போடுவார். ஒரு பக்கம்தான் என்று தெரிந்தால் அன்றைக்கே முடிப்பார். சுரேஷிடம் தனியாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு: முகவரி, அடையாள அட்டை எண் போன்றவற்றைக் குழுவில் போட வைக்கக் கூடாது. முடித்தவர்களின் பெயரை விட்டுவிட்டால், "நான் கொடுத்துவிட்டேனே, கிடைத்ததா?" என்று கேள்விகள் வந்து பட்டியல் மேலே போய்விடும்.

அனுப்பும்போது

வாட்ஸ்அப் நீண்ட செய்தியைப் பாதியில் மடக்கிவிடும். அதனால் கெடுவும் பாக்கி எண்ணிக்கையும் முதல் வரியில் இருக்கட்டும். நலம் விசாரிப்பு, கூட்டத்துக்கு நன்றி எல்லாம் வேறு செய்தியில். முதல் வரியின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் எழுத்து தடித்துத் தெரியும். பெயரை வெறுமனே தட்டச்சு செய்யாமல், @ போட்டு வரும் பட்டியலில் இருந்து ஆளைத் தேர்ந்தெடுங்கள். செய்தி 7 நாள் குழுவின் உச்சியிலேயே நிற்கும்படி Pin செய்து வையுங்கள்.

பாக்கி குறையக் குறையப் பழைய செய்தியைத் திருத்த நினைக்காதீர்கள். 15 நிமிடத்துக்குப் பிறகு திருத்த முடியாது. முடிந்தாலும் யாரும் மேலே போய்ப் பார்க்க மாட்டார்கள். வெள்ளி இரவு புதிதாக எழுதி, மிச்சமுள்ள வரிகளை மட்டும் போட்டு, Pin-ஐயும் புதிய செய்திக்கு மாற்றுங்கள். யாராவது "சரி" என்று மட்டும் பதில் போட்டால் அந்த வரி அப்படியே இருக்கட்டும். கோப்பைத் திறந்து பார்த்த பிறகு எடுங்கள்.

12ஆம் தேதி இரவு 9 தாண்டியும் ஒருவரிடம் பாக்கி என்றால், மூன்றாம் பட்டியல் வேண்டாம். ஒரே பெயரைக் குழுவில் திரும்பத் திரும்பப் போட்டால் அவர் பேசாமலே இருந்துவிடுவார். மறுநாள் காலை கூப்பிட்டு, ஸ்கேன் செய்ய வழியில்லையா, கணக்காய்வாளர் ஊரில் இல்லையா என்று கேளுங்கள். தாளை நீங்களே போய் வாங்கி வரலாம் என்றால், இன்னும் 8 நாள் கையில் இருக்கும்.